கொஞ்சம் இருந்துட்டுப் போப்பா!

சனிக்கிழமை மதியம் இரண்டரை. சூளகிரிப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி. ஏ ஷிஃப்ட் முடிந்து, கை கழுவுகிற குழாயடியில் கூட்டம். வெளியே பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்த பையனின் முதுகில் ஒரு கை விழுகிறது.

"தம்பி, பி ஷிஃப்ட்ல ரெண்டு பேர் வரல. கொஞ்சம் இருந்துட்டுப் போப்பா. நாளைக்கும் ஒரு எட்டு வந்துடு. திங்கக்கிழமை காலையில டிஸ்பாட்ச் இருக்கு."

பக்கத்தில் நின்ற நிரந்தரத் தொழிலாளியிடமும் சூப்பர்வைசர் இதையேதான் கேட்கிறார். அவர், "டபுள் ஓடி தானே சார்?" என்று சிரித்தபடி கேட்டு, தலையாட்டிவிட்டு மெஷினுக்குத் திரும்புகிறார். பையன் எதுவும் கேட்கவில்லை. பஸ் அவன் இல்லாமல் கிளம்புகிறது.

அவனுக்குப் பத்தொன்பது வயது, டிப்ளமோ மெக்கானிக்கல். பர்கூர் பக்கத்துக் கிராமம். ஓசூரில் நான்கு பேரோடு ஒரு ரூம். வேலைக்கு வந்து ஐந்து மாதம். அவன் ஒரே ஒருவன் அல்ல, பல பிள்ளைகளின் வாரத்தை இந்தக் கட்டுரைக்காக ஒருவன் மேல் ஏற்றியிருக்கிறேன். ஜூஜூவாடி முதல் போச்சம்பள்ளி வரை கம்பெனி பஸ் நிற்கிற எந்த ஸ்டாப்பிலும் அவனைப் பார்க்கலாம். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் 'அப்ரண்டிஸ்' என்றோ 'டிரெய்னி' என்றோ 'இன்டர்ன்' என்றோ இருக்கும்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

வேலை நேரச் சண்டை நடந்த மண்

எட்டு மணி நேரம் என்பது இந்தப் பகுதிக்குப் பழைய பாடம் அல்ல, அண்மைச் செய்தி. 2023 பிப்ரவரியில் கர்நாடகம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, வாரம் 48 மணி என்ற வரம்புக்குள் ஒரு நாளைக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழி செய்தது. அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று தமிழக சட்டமன்றத்திலும் அதேபோன்ற ஒரு மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததில் மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் இன்னொன்று என்றானது. ஓசூரில் படுத்து பொம்மசந்திராவில் வேலை பார்ப்பவருக்கு அந்தப் பக்கத்துச் சட்டம்தான். தூங்குகிற ஊரை வைத்து அல்ல, மெஷின் இருக்கிற ஊரை வைத்தே சட்டம் பேசும்.

ஆனால் அந்த விவாதம் முழுக்கத் தொழிலாளியைப் பற்றியது. 'கொஞ்சம் இருந்துட்டுப் போ' என்று சொல்லப்படும் பையன் அந்தச் சண்டையின் எந்தப் பக்கத்திலும் இல்லை. காரணம், கழுத்தில் தொங்கும் அட்டையின்படி அவன் தொழிலாளியே அல்ல.

மூன்று அட்டை, மூன்று சட்டம்

லைனில் நிற்கும்போது மூவரும் ஒன்றுதான். அதே மெஷின், அதே டார்கெட். காகிதத்தில்தான் வேறுபாடு.

முதலாமவர் அப்ரண்டிஸ். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, அது அரசு இணையதளத்தில் பதிவாகியிருக்கும். ஐ.டி.ஐ. பிள்ளைகள் பெரும்பாலும் apprenticeshipindia.gov.in தளத்தில் இருப்பார்கள். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு நாட்ஸ் என்ற தனித் திட்டம் இருக்கிறது. இந்தச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்ல என்கிறது. கம்பெனிக்காரர்கள் இந்தப் பிரிவை மனப்பாடமாகச் சொல்வார்கள். மூன்று பிரிவு முன்னால் இருக்கும் 15ஐச் சொல்ல மாட்டார்கள்.

பதினைந்தாவது பிரிவின் சாரம் இதுதான்: அப்ரண்டிஸை ஓவர்டைம் பார்க்கச் சொல்லவும் கூடாது, அவரே விரும்பினாலும் பார்க்க விடவும் கூடாது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று. அப்ரண்டிஸ் ஆலோசகர் என்ற அரசு அதிகாரி முன்கூட்டியே அனுமதி தர வேண்டும். அந்த ஓவர்டைம் பையனின் பயிற்சிக்கோ பொதுநலனுக்கோ உதவும் என்று அவருக்குத் திருப்தி ஏற்பட்டால் மட்டுமே தரலாம். திங்கட்கிழமை டிஸ்பாட்ச் பயிற்சியும் அல்ல, பொதுநலனும் அல்ல.

இதைக் கவனியுங்கள். 'ஓடி காசு தரல' என்று நம் பிள்ளைகள் புலம்புகிறார்கள். சட்டம் அதற்கும் ஒரு படி முன்னால் நிற்கிறது. காசு தந்தாலும் அந்த வேலை வாங்கக் கூடாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு தருவீங்க' என்பதல்ல, 'அனுமதிக் கடிதம் இருக்கா' என்பது.

இரண்டாமவர் டிரெய்னி. கம்பெனியோ காண்ட்ராக்டரோ ஒரு தாளில் 'பயிற்சியாளர்' என்று எழுதித் தந்திருக்கும், எந்த அரசு தளத்திலும் பதிவு இருக்காது. அப்படிப் பதிவில்லாத டிரெய்னி, கூலி வாங்கிக்கொண்டு உற்பத்தி லைனில் நின்றால் அவர் செய்வது தொழிலாளியின் வேலை. தலைப்பில் இருக்கும் சொல் அதை மாற்றிவிடாது. பழைய தொழிற்சாலைகள் சட்டமும் சரி, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் சரி, தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பதில் ஒன்றாகவே நிற்கின்றன.

மூன்றாமவர் கல்லூரி இன்டர்ன். இவர் கைதான் மிகவும் இளைத்தது. ஒப்பந்தம் கிடையாது, கல்லூரிக்கும் கம்பெனிக்கும் நடுவே ஒரு கடிதம் மட்டும். மதிப்பெண், சான்றிதழ் இரண்டும் சூப்பர்வைசரின் கையெழுத்தில் தொங்குகின்றன. ஆனால் இவரிடம் மற்ற இருவரிடம் இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெட்டிச் செய்தி: 38 ரூபாய் 27 ஆன கதை

2019ஆம் ஆண்டு விதிகள் டிப்ளமோ அப்ரண்டிஸுக்கு வகுத்த குறைந்தபட்ச மாத உதவித்தொகை 8,000 ரூபாய். அதையே கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வாரம் 48 மணி என்றால் மாதத்துக்குச் சராசரி 208 மணி. ஒரு மணிக்கு 38 ரூபாய் 46 காசு.

நம் பையன் வாரத்தில் நான்கு நாள் மூன்று மணி நேரம் கூடுதலாக நிற்கிறான், ஞாயிறு எட்டு மணி நேரம். மொத்தம் வாரம் 68 மணி, மாதம் ஏறக்குறைய 295 மணி. அதே 8,000 ரூபாய்தான். மணிக்கு 27 ரூபாய் 15 காசு. மாதத்துக்கு 87 மணி, அதாவது கிட்டத்தட்ட பதினொரு முழு ஷிஃப்ட், கணக்கில் வராமல் போகிறது.

தூக்கம் எங்கே போனது?

காசைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஏ ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு என்றால், பஸ் ஸ்டாப்புக்கு ஐந்து மணிக்கே வந்துவிட வேண்டும். நான்கு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். இரண்டரைக்கு விட்டால் மூன்றே முக்காலுக்கு ரூமுக்கு வந்து, துணி துவைத்து, சமைத்து, ஒன்பதுக்குப் படுத்தால் ஏழு மணி நேரம் தூக்கம். ஐந்தரைக்கு விட்டால் ரூமுக்கு வர ஆறே முக்கால். அதே வேலைகள் முடிந்து படுக்கப் பத்தரை ஆகிவிடும். தூக்கம் ஐந்தரை மணி நேரம். நான்கு நாளில் ஆறு மணி நேரம் பாக்கி விழுகிறது. அந்தப் பாக்கியை அடைக்கிற ஒரே நாள் ஞாயிறு. அந்த ஞாயிற்றையும் டிஸ்பாட்ச் கொண்டுபோனால், பாக்கி அடுத்த வாரத்துக்கு வட்டியோடு போகிறது. அடுத்த வாரம் பி ஷிஃப்ட் என்றால் உடம்பின் கடிகாரமும் புரண்டுவிடும்.

இன்னும் மோசமானது, ஏ ஷிஃப்ட்டையும் பி ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பார்க்கிற நாள். 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பதினேழு மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கை-கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட எல்லை 0.03. காலை நான்குக்கு எழுந்தவனுக்கு இரவு ஒன்பது மணியோடு பதினேழு மணி நேரம் ஆகிறது. பி ஷிஃப்ட் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அவன் கை பிரஸ் மெஷினுக்குள் போய்ப் போய் வருகிறது. அதே நிலையில் பைக் ஓட்டுகிறவனை ராயக்கோட்டை சாலையில் போலீஸ் ஊதச் சொல்லும்.

இங்கேதான் யாரும் பேசாத ஒரு வழக்கம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வரும் பையனிடம், "பஞ்ச் பண்ணாதே, ரெஜிஸ்டர் நான் பாத்துக்கறேன்" என்பார்கள். பயிற்சியின்போது அடிபட்டால் அப்ரண்டிஸுக்குக் கம்பெனி இழப்பீடு தர வேண்டும், 16ஆவது பிரிவு அதற்காகவே இருக்கிறது. ஆனால் பஞ்ச் இல்லாத ஞாயிறன்று விரல் போனால், அன்று அவன் அங்கே இருந்தான் என்பதற்கே சாட்சி தேட வேண்டும். சம்பளம் இல்லாத வேலையைவிட, பதிவு இல்லாத வேலை ஆபத்தானது.

அலுப்பா, எரிந்துபோனதா?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் 'பர்ன் அவுட்' இடம்பெற்றது, நோயாக அல்ல, வேலையிடத்தில் உண்டாகும் ஒரு நிலையாக. மூன்று அடையாளங்களைச் சொல்கிறார்கள்: உடம்பும் மனசும் வற்றிப்போவது, வேலையின் மேல் ஒட்டுதல் போய் வெறுப்போ ஏளனமோ வருவது, 'நம்மால ஒண்ணும் ஆகாது' என்று தோன்றுவது.

லைனில் இவை எப்படித் தெரியும்? முதலாவது எல்லாருக்கும் தெரியும், பஸ்ஸில் ஸ்டாப்பைத் தாண்டித் தூங்குவது. அது வெறும் அலுப்பாகவும் இருக்கலாம். இரண்டாவதுதான் முக்கியமான மணி. சேர்ந்த புதிதில் கேஜ் உள்ளே போகாத பீஸைப் பார்த்ததும் ஓடிப்போய்ச் சொன்ன பையன், இப்போது 'போனா போகுது' என்று டிரேயில் போடுகிறான். எந்த மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தவன் கேட்பதை நிறுத்துகிறான். மூன்றாவது வரும்போது, ரிஜெக்‌ஷன் தன் லைனில் ஏறுவதைக் காட்டி, 'எனக்கு இந்த வேலையே வராது போல' என்று வீட்டுக்கு போனில் சொல்கிறான். வராதது வேலை அல்ல, தூக்கம்.

எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு நாள் முழுசாகத் தூங்கி, சாப்பிட்டு, ஊருக்குப் போய் வந்த பிறகு திங்கட்கிழமை காலை உடம்பு லேசானால் அது அலுப்பு. அப்படியும் கேட்டைப் பார்த்ததுமே நெஞ்சு அடைத்தால், தூக்கமே வராமல் போனால், அதற்கு மேல் ஓய்வு மட்டும் போதாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி-மனஸ் எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

ஏன் 'முடியாது' என்று சொல்வதில்லை?

"பர்மனென்ட் பண்ணுவாங்க சார்." எந்த ரூமில் கேட்டாலும் இந்தப் பதில்தான். பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்று அப்ரண்டிஸ் சட்டம் கம்பெனியைக் கட்டாயப்படுத்தவில்லை. எந்த அடிப்படையில் ஆள் எடுப்போம் என்று கம்பெனிதான் தன் கொள்கையை வகுக்கிறது. ஒப்பந்தத்தில் 'பயிற்சிக்குப் பின் வேலை' என்று எழுதியிருந்தால் ஒழிய, சூப்பர்வைசரின் வாய்வார்த்தைக்குப் பின்னால் எதுவும் இல்லை. அவரும் பாவம், ஆள் எடுக்கிற அதிகாரம் அவரிடம் இருப்பதில்லை. அவர் தலையில் டார்கெட் ஏறியிருக்கிறது, வராத இரண்டு பேருக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு கைகளைத் தேடுகிறார். நான் அவரை வில்லனாக்க விரும்பவில்லை. இலவசம் என்பது நின்றுபோனால் அவரும் வேறு வழி தேடுவார்.

பையன் வாரத்தில் கூடுதலாக நிற்கும் இருபது மணி நேரத்தையும் ஒரேயடியாக நிறுத்திவிட முடியாது. வெட்ட வேண்டிய இடம் ஞாயிறு. தினம் அரை மணி, ஒரு மணி நேரம் நிற்பதைச் சகித்துக்கொள்ளலாம் என்று ஒருவர் தீர்மானித்தால் அது அவர் பாடு. ஆனால் வார விடுமுறையும் இரட்டை ஷிஃப்ட்டும் பேரத்துக்கு வரக் கூடாது. உடம்பு திரும்பி எழுவது அந்த ஒரு நாளில்தான்.

எப்படிச் சொல்வது? மறுப்பாகச் சொன்னால் சண்டை. எழுத்தில் கேட்டால் கேள்வி.

"வர்றேன் சார். ஞாயித்துக்கிழமைங்கறதால ஒரு மெயில் மட்டும் போட்டுடுங்க, வாட்ஸ்அப்ல போட்டாலும் சரி. காம்ப்-ஆஃப் எந்த நாள்னும் போட்டுடுங்க. நான் பஞ்ச் பண்ணிக்கறேன்."

இதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் அப்ரண்டிஸை ஞாயிறு வரச் சொல்லி எழுத்தில் போட எந்த எச்.ஆரும் தயங்குவார், ஏனென்றால் அந்த எழுத்தே 15ஆவது பிரிவை மீறியதற்குச் சாட்சி. மெயில் வராவிட்டால் ஞாயிறு அவனுடையது. வந்துவிட்டால் கையில் ஆவணம் இருக்கிறது.

பெட்டிச் செய்தி: நாலு ரூபாய் நோட்டு

பாக்கெட் நோட்டு ஒன்று போதும். தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், இருக்கச் சொன்னவர் யார், அன்று என்ன வேலை. ஐந்தே விவரம், அன்றன்றே எழுத வேண்டும், மாதக் கடைசியில் மொத்தமாக எழுதியது நம்பப்படாது. ஒப்பந்தத்தின் பிரதியை இணையதளத்திலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். தளத்தில் உங்கள் பெயரே இல்லை என்றால் நீங்கள் அப்ரண்டிஸ் அல்ல, டிரெய்னி. அப்போது கேட்க வேண்டியது இரட்டிப்பு ஓடி.

புகார் எங்கே போகும்?

அப்ரண்டிஸுக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் சம்பந்தமாகத் தகராறு வந்தால் அது லேபர் கோர்ட்டுக்குப் போகாது. அப்ரண்டிஸ் ஆலோசகரிடம்தான் போகும். ஐ.டி.ஐ. பிள்ளைகள் கிருஷ்ணகிரியில் இருக்கும் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் தொடங்கலாம். நாட்ஸ் திட்டத்தில் இருக்கும் டிப்ளமோ, டிகிரிக்காரர்களுக்குச் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பயிற்சி வாரியம். பதிவில்லாத டிரெய்னிக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

இதில் ஒரு பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். 2014 திருத்தத்துக்கு முன்னால் இந்தச் சட்டத்தை மீறிய முதலாளிக்குச் சிறைத்தண்டனை சாத்தியம் இருந்தது. திருத்தம் அதை எடுத்துவிட்டு அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது. பெரிய கம்பெனிக்கு அந்த அபராதம் கேன்டீன் செலவு. புகாரின் பயன் தண்டனையில் இல்லை, கம்பெனிக்கு ஒரு கடிதம் வருவதில் இருக்கிறது. வாடிக்கையாளர் கம்பெனிகள் வந்து தணிக்கை செய்கிற சப்ளையர்கள் அத்தகைய கடிதத்தை ரசிப்பதில்லை.

தாங்க முடியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொல்லாமல் ஊருக்குப் போய்விடுகிற பிள்ளைகள் உண்டு. அப்ரண்டிஸ் அதைச் செய்யவே கூடாது. ஒப்பந்தத்தை முறிப்பதற்கு ஆலோசகரிடம் மனுப் போட வேண்டும். கம்பெனி நிபந்தனையை மீறியதால் முறிந்தது என்று முடிவானால், கடைசியாக வாங்கிய உதவித்தொகையில் மூன்று மாத அளவுக்கு அது இழப்பீடு தர வேண்டும் என்று 1992ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நம் பையன் கணக்கில் 24,000 ரூபாய். பையன் தவறு என்று முடிவானால் அதே அளவு தொகையை அவனிடம் கேட்கவும் வழி இருக்கிறது. சொல்லாமல் போனவன் இரண்டாவது வரிசையில் போய் நிற்கிறான். அப்போது பேசப்போவது அந்த நாலு ரூபாய் நோட்டுதான்.

கல்லூரி இன்டர்னிடம் ஒரு பொருள் இருக்கிறது என்றேனே, அது பயிற்சிக் குறிப்பேடு. ஏ.ஐ.சி.டி.இ. வழிகாட்டுதல்படி மாணவர் அன்றாடம் என்ன செய்தார் என்று எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிக் கல்லூரியில் காட்ட வேண்டும். பெரும்பாலோர் கடைசி வாரத்தில் உட்கார்ந்து 'சி.என்.சி. கற்றேன்' என்று அறுபது பக்கம் நிரப்புகிறார்கள். அதற்குப் பதில் உண்மையை எழுதுங்கள்: 'காலை 6 முதல் இரவு 11 வரை, பேக்கிங்.' சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டால் அதுவே சாட்சி. போட மறுத்தால், ஏன் மறுத்தார் என்று பிளேஸ்மென்ட் அதிகாரி கேட்க வேண்டிய நிலை வரும். அடுத்த ஆண்டும் அதே கல்லூரியிலிருந்து பிள்ளைகள் வேண்டும் என்று நினைக்கிற கம்பெனி, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை

மறுவாரமும் அதே இரண்டரை மணி, அதே குழாயடி. "நாளைக்கு ஒரு எட்டு..." என்று சூப்பர்வைசர் ஆரம்பிக்கிறார். பையன் வரவில்லை என்று சொல்லவில்லை. மெயில் என்றான், காம்ப்-ஆஃப் என்றான், குரல் கொஞ்சம் நடுங்கியது. சூப்பர்வைசர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "யாருடா சொல்லிக் குடுத்தது?" என்றார். பிறகு, "சரி, எச்.ஆர்.கிட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்று போனை எடுத்தபடி நகர்ந்தார்.

அன்றிரவு பத்து மணிவரை அவன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மெயில் வரவில்லை. ஞாயிறு பதினோரு மணிவரை தூங்கினான். ரூம்காரன் எழுப்பித்தான் சாப்பிட்டான். திங்கட்கிழமை அவனை லைனிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டிருந்தார்கள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டான்: தேதி, நேரம், மாற்றியவர் பெயர்.